நூல் மில்லிடம் பாக்கிக்குக் கூடுதல் அவகாசம் கேட்பது எப்படி?

கேள்வி: "திருப்பூரில் சிறிய பனியன் யூனிட் நடத்துகிறேன். ஒரே நூல் மில்லில் பல ஆண்டுகளாக 30 நாள் கடனில் வாங்கி வருகிறேன். அக்டோபர் 4 பில் ரூ.4,20,000, அக்டோபர் 14 பில் ரூ.4,80,000, அக்டோபர் 24 பில் ரூ.3,60,000 பாக்கி இருக்கிறது. நவம்பர் 10ஆம் தேதி வரவேண்டிய ஏற்றுமதிப் பணம் ரூ.14 லட்சம் டிசம்பர் 22 வாக்கில்தான் வரும் என்று இன்று, அக்டோபர் 28ஆம் தேதி, தெரிய வந்தது. மில்லோடு உறவு கெடாமல் தவணை கேட்பது எப்படி? எப்போது, யாரிடம், என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?"

பதில்:

நூல் மில் ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து, இப்படிப்பட்ட கோரிக்கைகளை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் கெடு நவம்பர் 3ஆம் தேதி. இன்னும் ஆறு நாட்கள் இருக்கும்போதே உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்பதே உங்களுக்குச் சாதகமான முதல் செய்தி. கெடுவுக்கு முன்னால் வரும் கோரிக்கையை மில் ஒரு திட்டமாகப் பார்க்கும். கெடு கடந்து, மில்லிலிருந்து இரண்டு முறை தொலைபேசி போன பிறகு வருவதைச் சாக்காகத்தான் பார்க்கும். கேட்கும் சொற்கள் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

கேட்பதற்கு முன்னால், உங்கள் தாமதம் மில்லின் கணக்கில் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான மில்கள் வங்கியில் சி.சி. லிமிட் என்னும் ரொக்கக் கடன் வரம்பு வைத்துத்தான் பஞ்சு வாங்குகின்றன. அந்த லிமிட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி மாதந்தோறும் கையிருப்புப் பட்டியலையும் வரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் வைத்துக் கணக்கிடும். பாக்கிப் பட்டியலில் பில் தேதியிலிருந்து 90 நாட்களைத் தாண்டியவற்றைப் பொதுவாக வங்கிகள் சேர்த்துக்கொள்வதில்லை. வங்கி பாக்கித் தொகையில் 25 சதவீதத்தை மார்ஜினாகக் கழித்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், உங்கள் ரூ.4,20,000 பில் 90 நாளைத் தாண்டும் அன்று மில் வங்கியில் எடுக்கக்கூடிய தொகை ரூ.3,15,000 குறைகிறது. உங்கள் பணமும் வரவில்லை, அந்தப் பாக்கியைக் காட்டி வங்கியில் எடுக்கவும் முடியவில்லை என்ற இரட்டை நெருக்கடி அது. டிசம்பர் முதல் மார்ச் வரை பஞ்சு வரத்து மிகுந்திருக்கும் காலத்தில், மில் ரொக்கம் கொடுத்துப் பஞ்சைச் சேர்த்து வைக்க நினைக்கும்போது, இந்த நெருக்கடி இன்னும் கடுமையாக உறுத்தும்.

எனவே உங்கள் கோரிக்கையின் அடிப்படை இதுவாக இருக்கட்டும்: எந்தப் பில்லும் அதன் தேதியிலிருந்து 90 நாளைத் தாண்டக் கூடாது, பழைய பில் முதலில் தீர வேண்டும். அக்டோபர் 4 பில்லுக்கு 90ஆம் நாள் ஜனவரி 2. அக்டோபர் 14 பில்லுக்கு ஜனவரி 12. அக்டோபர் 24 பில்லுக்கு ஜனவரி 22. இந்த மூன்று தேதிகளுக்குள் முடியும் திட்டத்தை மில் மறுப்பதற்குக் காரணம் குறைவு. "இரண்டு மாதம் பொறுங்கள், மொத்தமாகத் தருகிறேன்" என்று கேட்டால், கணக்குப்படி அதுவும் ஏறத்தாழ இதே தேதிகளில் வந்து நிற்கலாம். ஆனால் அந்த இரண்டு மாதமும் மில்லுக்கு ஒரு ரூபாயும் வராது, உங்கள் சொல்லைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பும் இருக்காது. அதனால்தான் சிறு தவணைகளாக இருந்தாலும் அவை உடனே தொடங்குவது முக்கியம்.

அடுத்தது, உங்களால் உண்மையில் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு. உங்கள் வார வரவுசெலவை நீங்கள் சொல்லவில்லை. ஆகவே இந்த அளவு யூனிட்டுக்குப் பொருந்தக்கூடிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எண்களை உங்களுடையவையாக மாற்றிக்கொள்ளுங்கள். உள்நாட்டு வியாபாரத்தில் வாரம் ரூ.3,50,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமைக் கூலி, மின்கட்டணம், வாடகை, சாயப்பட்டறை பில், அன்றாடத் தேவைக்கு ரொக்கத்தில் வாங்கும் கொஞ்சம் நூல், ஜி.எஸ்.டி., வங்கி வட்டி எல்லாம் சேர்ந்து வாரத்துக்குச் சராசரியாக ரூ.2,20,000 போகிறது. வரவு முழுவதும் சொன்னபடி வராது. நெருக்கடிக் காலத்தில் உங்களுக்குத் தரவேண்டியவர்களும் இழுப்பார்கள். அதனால் வரவில் 80 சதவீதத்தை மட்டும், அதாவது ரூ.2,80,000 மட்டும் எண்ணுங்கள். வாரத்துக்கு மிஞ்சுவது ரூ.60,000. கையில் இன்று எடுக்கக்கூடியது ரூ.1,20,000 என்று வைப்போம்.

இந்தக் கணக்கின்படி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரூ.1,20,000 கொடுக்கலாம். நவம்பர் 3, நவம்பர் 17, டிசம்பர் 1, டிசம்பர் 15 ஆகிய நான்கு நாட்களில் கொடுத்தால் ரூ.4,80,000 ஆகிறது. ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கையில் ரூ.60,000 தங்குகிறது. அக்டோபர் 4 பில் டிசம்பர் 15ஆம் தேதியே, அதாவது 90ஆம் நாளுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் முன்னதாகவே, முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் பில்லிலும் ரூ.60,000 அடைகிறது. மீதமிருக்கும் ரூ.7,80,000 ஏற்றுமதிப் பணத்திலிருந்து வரவேண்டியது. பணம் டிசம்பர் 22 வரும் என்றால் டிசம்பர் 23 தருகிறேன் என்று எழுதாதீர்கள். இரண்டு வாரம் தள்ளி, ஜனவரி 5ஆம் தேதி இரண்டாம் பில்லின் மீதி ரூ.4,20,000, ஜனவரி 19ஆம் தேதி மூன்றாம் பில் ரூ.3,60,000 என்று எழுதுங்கள். இரண்டும் அந்தந்தப் பில்லின் 90 நாளுக்குள்ளேயே இருக்கின்றன. பணம் சொன்ன நாளில் வந்துவிட்டால் டிசம்பர் கடைசியிலேயே கொடுத்துவிடலாம். சொன்ன தேதிக்கு முன்னால் வந்த பணத்தை எந்த மில்லும் மறப்பதில்லை. இரண்டாம் முறை அவகாசம் கேட்டவரையும் மறப்பதில்லை. முதல் கோரிக்கையில் கொஞ்சம் கூடுதலான நாட்களைக் கேட்டுவிட்டு அதைக் காப்பாற்றுவதே பாதுகாப்பானது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது, ஏற்றுமதிப் பணம் முழுவதும் வந்த பிறகும் பாக்கி தீராது, இன்னொரு புதிய ஆர்டர் கிடைத்தால்தான் தீரும் என்று தெரிந்தால், அது தற்காலிக நெருக்கடி ஆகாது. அப்போது மில்லிடம் தவணை கேட்பதற்கு முன்னால் ஆடிட்டரோடும் வங்கியோடும் உட்கார வேண்டும்.

இனி வட்டி. மில் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்வது நல்லது. மேலே சொன்ன தவணைகளில், ஒவ்வொரு தொகையும் 30 நாள் கெடுவுக்குப் பின் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்து ஆண்டுக்கு 12 சதவீதம் கணக்கிட்டால், மொத்தம் ஏறத்தாழ ரூ.17,200 வருகிறது. 12 லட்சத்துக்கு மேற்பட்ட பாக்கிக்கு இது தாங்கக்கூடிய செலவு. பில்லில் "கெடு கடந்தால் 24 சதவீதம்" என்பதுபோல் அச்சிட்டிருந்தால், 12 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளும்படி கேட்பதில் தவறில்லை. நீண்ட நாள் வாடிக்கையாளரிடம் பல மில்கள் அதையும் விட்டுக்கொடுப்பது உண்டு. விட்டுக்கொடுப்பது அவர்கள் செயலாக இருக்கட்டும். வட்டி தருவதானால் மில் அதற்கு டெபிட் நோட் அனுப்பும் என்பதையும், தாமத வட்டியின் மீதும் ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை உண்டு. மில்லுடன் பேசும்போது அவற்றை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மில் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் கடன் காலம் 45 நாளைத் தாண்ட முடியாது. தாண்டிய நாட்களுக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கேட்க மில்லுக்கு உரிமை இருக்கிறது. வங்கி வீதம் 5.5 சதவீதமாக இருந்தால் அது ஆண்டுக்கு 16.5 சதவீதம். ஆக, மில் உங்களுக்கு 70, 80 நாள் பொறுப்பது நட்பின் பேரில் தரும் சலுகை என்றும், அந்த உரிமை அவர்கள் கையில் இருந்துகொண்டே இருக்கிறது என்றும் புரிந்துகொண்டு பேசுங்கள். மேலும், 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த 43பி(எச்) விதிப்படி, இப்படிப்பட்ட மில்லுக்கு உரிய காலம் கடந்த பாக்கி மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்தால், அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். உங்கள் திட்டம் ஜனவரி 19இல் முடிவதால் இந்தச் சிக்கல் வராது. இதே நெருக்கடி பிப்ரவரியில் வந்திருந்தால் மார்ச் 31ஐ மனத்தில் வைத்தே தவணைகளை அமைக்க வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி.யிலும் ஒரு கெடு உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரிப் பயனை வட்டியோடு திருப்ப வேண்டும், பிறகு பணம் கொடுத்ததும் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பில்கள் அந்த எல்லைக்கு அருகில்கூடப் போகவில்லை.

யாரிடம் கேட்பது என்றால், முடிவெடுப்பவரிடம், நேரில். ஏஜெண்ட் வழியாக நூல் எடுப்பவராக இருந்தால் அவருக்கும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். பணம் வசூலாவதற்கு மில் அவரைத்தான் முதலில் கேட்கும். உங்கள் நிலையை மில்காரர் வாயிலிருந்து அவர் கேட்க நேர்ந்தால், உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவரை இழந்துவிடுவீர்கள். ஆனால் ஏஜெண்டையே தூது அனுப்பிவிட்டு நீங்கள் வராமல் இருக்காதீர்கள். மில்கள் மாதத்தின் முதல் நாளை ஒட்டி நூல் விலையை அறிவிக்கும் வழக்கம் இருப்பதால், மாத இறுதியிலும் முதல் இரண்டு நாட்களிலும் அவர்கள் கவனம் வேறு இடத்தில் இருக்கும். உங்கள் கெடு நவம்பர் 3 என்பதால் நாளையே, அக்டோபர் 29ஆம் தேதியே, போய்விடுவது நல்லது.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "அண்ணா, நவம்பர் 10 வர வேண்டிய எக்ஸ்போர்ட் பேமெண்ட் டிசம்பர் 22க்குத் தள்ளிப் போயிருச்சுங்க. உங்க மூணு பில்லு பன்னெண்டு லட்சத்து அறுபதாயிரம் இருக்குதுங்க. மொதல் பில்லுக்கு நவம்பர் 3 சொன்ன தேதிக்கே ஒண்ணே கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மியாக் கட்டிடறேனுங்க. மீதிக்குத் தேதி போட்டு எழுதிக் கொண்டு வந்திருக்கறேன், பாத்துச் சொல்லுங்க" என்ற அளவு போதும். வீட்டுக் கஷ்டம், சந்தை நிலவரம், வெளிநாட்டு வாங்குபவரின் குணம் என்று நீட்ட வேண்டாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு சான்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். வாங்குபவர் புதிய தேதியைச் சொல்லி அனுப்பிய மின்னஞ்சலில் விலை விவரங்களை மறைத்துவிட்டுக் காட்டலாம். பேசி முடித்த அன்றே கடிதம் போய்ச் சேர வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இன்று நேரில் பேசியதை உறுதிப்படுத்தி எழுதுகிறேன். தங்களுக்கு நாங்கள் தரவேண்டிய தொகை அக்டோபர் 4, 14, 24 தேதியிட்ட மூன்று பில்களில் மொத்தம் ரூ.12,60,000. எங்கள் ஏற்றுமதிப் பணம் டிசம்பர் 22ஆம் தேதி வாக்கில் வர இருப்பதால், இத்தொகையைக் கீழ்க்கண்டவாறு செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் 3, நவம்பர் 17, டிசம்பர் 1, டிசம்பர் 15 ஆகிய நாட்களில் தலா ரூ.1,20,000, ஜனவரி 5 அன்று ரூ.4,20,000, ஜனவரி 19 அன்று ரூ.3,60,000. ஒவ்வொரு தொகையையும் பழைய பில்லிலிருந்து வரிசையாக வரவு வைக்க வேண்டுகிறேன். கெடு கடந்த நாட்களுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி தரச் சம்மதிக்கிறேன். இக்காலத்தில் எங்களுக்குத் தேவைப்படும் நூலைத் தங்களிடமே முன்பணம் செலுத்தி எடுத்துக்கொள்கிறோம். தங்கள் சம்மதத்தைப் பதிலாக அனுப்பினால் நன்றியுடையவனாவேன்."

"பழைய பில்லிலிருந்து வரிசையாக" என்ற தொடரைக் கட்டாயம் சேருங்கள். எந்தப் பில்லுக்கு என்று நீங்கள் சொல்லாமல் பணம் அனுப்பினால், எந்தப் பில்லில் வரவு வைப்பது என்பதை மில் தானே முடிவு செய்யலாம். கணக்குப் பிரிவில் ஒருவர் கவனக்குறைவாகப் புதிய பில்லில் வரவு வைத்துவிட்டால், நீங்கள் ஒழுங்காகக் கட்டியும் பழைய பில் 90 நாளைத் தாண்டி நிற்கும். பிறகு வங்கிக்குப் போகும் பட்டியலில் உங்கள் பெயர் சிவப்பாகத் தெரியும். ஆர்.டி.ஜி.எஸ். செய்யும்போதும் குறிப்பில் பில் எண்ணை எழுதி, அன்றே மில்லுக்குச் செய்தி அனுப்புங்கள்.

கடிதத்தின் கடைசிப் பகுதியில் உள்ள முன்பணம் பற்றிய வாக்குறுதி, வட்டியைவிட மில்லுக்கு மதிப்பானது. பழைய பாக்கி நிற்கும்போது வேறு மில்லில் புதிதாகக் கடனுக்கு நூல் எடுப்பதுதான் இந்த ஊரில் உறவை முறிக்கும் முதல் காரணம். ஏஜெண்டுகளும் லாரி புக்கிங் ஆபீசும் பேசிக்கொள்ளும் ஊரில் அது மறைந்திருக்காது. அப்படிக் கேள்விப்படும் மில், உங்களிடம் பணம் இல்லை என்று நினைக்காது; தன் பணத்தை வைத்துக்கொண்டு இடம் மாறுகிறார் என்றே நினைக்கும். வாரத்துக்கு இரண்டு மூட்டை ஆனாலும் அதே மில்லில் பணம் கட்டி எடுங்கள். இதே காரணத்துக்காக, வாங்கி ஒரு மாதமாகக் குறை சொல்லாத நூலில் இப்போது தரக் குறை கண்டுபிடித்துப் பணத்தை நிறுத்தும் வழக்கத்தையும் தவிர்க்க வேண்டும். உண்மையான குறை இருந்தால் தனியாக, துணி மாதிரியோடு, வேறு கடிதத்தில் எழுதுங்கள். தவணைக் கோரிக்கையோடு அதைக் கலந்தால் இரண்டும் நம்பப்படாமல் போகும்.

மில் பின்தேதியிட்ட காசோலைகள் கேட்கும், கேட்பது நியாயமே. முதல் நான்கு தவணைகளுக்குக் கொடுக்கலாம், ஏனெனில் அவை உங்கள் வார வரவிலிருந்து வருபவை. ஏற்றுமதிப் பணத்தை நம்பியிருக்கும் ஜனவரித் தவணைகளுக்கு, பணம் வந்த பிறகு காசோலை தருவதாகவோ நேரடியாக வங்கியில் செலுத்துவதாகவோ சொல்லிப் பாருங்கள். காசோலை பணமின்றித் திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் மில் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவின்படி அது இரண்டாண்டு வரை சிறையோ, தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். தொகையும் தேதியும் எழுதாத காசோலையை "செக்யூரிட்டிக்கு" என்று கேட்டால் மென்மையாக மறுத்து, தொகையும் தேதியும் எழுதியதையே கொடுங்கள்.

மில் முழுவதும் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். "நவம்பருக்குள் பாதியாவது வேண்டும்" என்று சொன்னால், அந்த இடத்திலேயே சரி என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் கணக்குக்கு அப்பாற்பட்ட தேதிக்கு மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் பிறகு தவறுவதே அதிகம் நடக்கும் பிழை. கோடவுனில் பிரிக்காத மூட்டைகள் இருந்தால், அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிரெடிட் நோட் தருவார்களா என்று கேளுங்கள். நூலின் கவுண்ட், அதாவது பருமன், எல்லோரும் ஓட்டுவதாக இருந்து, விலையும் ஏறிக்கொண்டிருந்தால், மில் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளும். பாக்கியும் உடனே குறையும்.

தவணை நடக்கும்போது உறவு எப்படி இருக்கிறது என்பதை மில்லின் நடத்தையே காட்டும். மூட்டை அனுப்புவதில் தாமதம், வழக்கமாகப் பேசும் மேலாளருக்குப் பதில் கணக்குப் பிரிவிலிருந்து மட்டும் அழைப்பு, லெட்ஜர் கேட்டு வரும் திடீர் கடிதம் ஆகியவை வந்தால் காத்திருக்காமல் நேரில் போய்விடுங்கள். ஒரு தவணை தவறும் என்று தெரிந்தால், முந்தைய நாளாவது சொல்லி, முடிந்த தொகையை அன்றைக்கே அனுப்புங்கள். ரூ.1,20,000க்குப் பதில் ரூ.70,000 சொன்ன நாளில் வந்தால் மில்லின் கணக்குப் பிரிவு அதைத் தவறிய தவணையாக நினைப்பதில்லை. மீதி எப்போது என்று மட்டும் கேட்கும்.

ஜனவரி 19 தவணை போனதும், மூன்று பில்களும் தீர்ந்ததை உறுதிப்படுத்தும் லெட்ஜர் நகலை மில்லிடம் கேட்டு வாங்கி, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். வட்டி டெபிட் நோட் பாக்கியிருந்தால் அதையும் அன்றே தீருங்கள். பழைய 30 நாள் கடனை உடனே முழு அளவில் கேட்காதீர்கள். முதலில் ஒரு சிறிய பில்லைக் கடனில் எடுத்து, 30 நாள் ஆவதற்கு நான்கைந்து நாள் முன்னதாகவே கட்டுங்கள். அடுத்த பில்லுக்குக் கடன் வேண்டுமா என்று பெரும்பாலும் மேலாளரே கேட்பார்.